நாக்கில் கரி பூசிய புதன்

எனக்கு முனைவர் பட்டம் கிடைத்தது ஒரு பெண்ணின் நாக்கினால். இப்படிச் சொன்னால் ஏதோ பெரிய இடத்துச் சிபாரிசு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிபாரிசு எல்லாம் இல்லை. தங்கச்சிமடத்தில் நண்டுச் சதை பிரிக்கும் வேலை பார்த்த ஒரு அக்காவின் நாக்கு நுனி, அவருடைய மேல் அண்ணத்தில் பதித்த கறுப்புத் தடம். அவ்வளவுதான். அந்த நன்றியை எழுதி வைக்காமல் இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். நான் கொஞ்சம் அப்படித்தான், கோபத்தை உடனே சொல்லிவிடுவேன், நன்றியை நாளைக்குத் தள்ளிப்போடுவேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சிக்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த நான், மொழியியல் துறையில் ஆய்வு மாணவியாக இருந்தேன். இராமநாதபுரம் கடற்கரைப் பேச்சுத்தான் என் தலைப்பு. ஒரு டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக அலைந்து, மக்கள் சாதாரணமாகப் பேசுவதைப் பதிவுசெய்வேன். விடுதி அறையில் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டு, காதில் விழுந்த ஒலியை எல்லாம் ஒவ்வொன்றாகக் குறியீட்டில் எழுதுவேன். ஐந்து அத்தியாயம். நாலாவதுதான் என் செல்லப்பிள்ளை. சொல்லும் சொல்லும் சேரும்போது ஒலிகள் எப்படி மாறுகின்றன என்பது அதன் பொருள். 'அவன் பக்கம்' என்பதை எங்கள் பக்கத்தில் வேகமாகச் சொன்னால் 'அவம் பக்கம்' என்றுதான் கேட்கும். ஆகவே, ப வருவதற்கு முன்னால் ன் போய்விடுகிறது, அதன் இடத்தில் ம் உட்கார்ந்துகொள்கிறது என்று அம்புக்குறி போட்டு விதி எழுதியிருந்தேன். தட்டச்சும் முடிந்துவிட்டது. உதவித்தொகை முடிய மூன்றே மாதம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து என் நெறியாளர் மேடம், வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்த ஒரு கட்டுரையின் ஜெராக்ஸை என் மேஜையில் வைத்தார்.

"இதைப் படிச்சுட்டு நாலாம் அத்தியாயத்தை எடுத்துட்டு வா" என்றார்.

படித்தேன். பேச்சு என்பது மணி மணியாகக் கோத்த ஒலிகளின் வரிசை இல்லை என்றது கட்டுரை. உதடு மூடுவது ஓர் அசைவு. நாக்கு நுனி மேலே ஏறி அடைப்பது இன்னோர் அசைவு. அண்ணத்தின் பின்னால் தொங்கும் மென்பகுதி இறங்கி, மூச்சை மூக்கு வழியாகவும் விடுவது மற்றோர் அசைவு. ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. ஒன்று முடியுமுன்பே அடுத்தது தொடங்கி அதன்மேல் ஏறிக்கொள்ளும். வேகமாகப் பேசும்போது இந்த ஏற்றம் கூடும், அசைவுகளின் அளவும் சுருங்கும். ஆனால் எதுவும் வேறொன்றாக மாறிவிட வேண்டியதில்லை.

மேடம் என் அத்தியாயத்தின் பின்பக்க வெள்ளைத்தாளில் பென்சிலால் கட்டங்கள் போட்டார். குரல்வளையையும் நாக்கின் நடுப்பகுதியையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம் என்று சொல்லி, மூன்று வரிசை மட்டும் வரைந்தார். இடமிருந்து வலமாக நேரம் ஓடுகிறது. கறுத்த கட்டம் என்றால் அந்த உறுப்பு அப்போது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

'அவன் பக்கம்', ன் ப சேருமிடம், நிதானமாக:
மூக்கு வாசல் திறப்பு ■■■■■■□□□□□□
நாக்கு நுனி அடைப்பு □□■■■■□□□□□□
உதடு அடைப்பு □□□□□□■■■■■■

அதே இடம், வேகமாக:
மூக்கு வாசல் திறப்பு ■■■■■■□□
நாக்கு நுனி அடைப்பு □□■■■■□□
உதடு அடைப்பு □□■■■■■■

"ரெண்டாவதைப் பாரு. நாக்கு நுனி வரிசையில எதையாவது அழிச்சிருக்கேனா?"

"இல்ல மேடம்."

"உதடு மட்டும் முன்னால நகர்ந்து வந்து நாக்கு மேல ஏறிடுச்சு. வாசக்கதவைச் சாத்திட்டா உள்ள நடக்கிறது தெருவுக்குக் கேக்காது. மூக்கு வழியா மட்டும் சத்தம் வரும். நீ ம்-னு எழுதுவ. நீ கேட்டதை எழுதியிருக்க. அவங்க வாயில செஞ்சதை எழுதலையே."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. யாரோ ஒருவருடைய வெளிநாட்டு வாயை அளந்து எழுதியதற்காக, நான் மூன்று வருடம் காது தேயக் கேட்டு எழுதியதைத் தூக்கிப் போட வேண்டுமா? எங்கள் ஊர் நாக்கு உண்மையிலேயே மேலே போகாமல் இருக்கலாமே? அதையே மேடமிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "போய்ப் பார்த்துட்டு வா. போகலைன்னா உன் விதி நிக்கும். அப்படியே கொடுத்துடலாம்."

நாக்கில் சிறு உலோக மணிகளை ஒட்டி, அதன் ஓட்டத்தைப் பதிவுசெய்யும் கருவிகள் வெளிநாட்டில் இருந்தன. எங்கள் துறையிலோ மின்விசிறிக்கே ரெகுலேட்டர் கிடையாது. எங்களால் முடிந்தது பழைய முறைதான். கரித்தூளை எண்ணெயில் குழைத்து நாக்கு நுனியிலும் ஓரங்களிலும் தடவ வேண்டும். சொல்லச் சொல்லி, வாயைத் திறக்க வைத்து, உள்ளே ஒரு சிறு கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் மேல் அண்ணம் தெரியும். நாக்கு எங்கே தொட்டதோ அங்கே கறுப்பு. அதைப் படம் எடுத்துவிட்டு வாயைக் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். கொட்டாங்கச்சியைச் சுட்டு, இடித்து, துணியில் சலித்து, நல்லெண்ணெயில் குழைத்து முதலில் என் நாக்கிலேயே பூசிப் பார்த்தேன். விடுதியில் அன்று என்னைப் பார்த்த ஒருத்தி அலறியே விட்டாள்.

தங்கச்சிமடத்தில் அந்த நண்டுக் கொட்டகை எனக்கு ஏற்கெனவே பழக்கம். அவித்த நண்டை உடைத்துச் சதையைப் பிரித்தெடுக்கும் வேலை. இருபது பெண்கள் நீளமேஜையின் இருபுறமும் உட்கார்ந்திருப்பார்கள். கை ஒருபக்கம் ஓட, வாய் ஒருபக்கம் ஓடும். அவர்களில் அதிகம் வாயாடுபவர் அந்த அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். மீனவக் கத்தோலிக்கக் குடும்பம். என் நாடாக்களில் பாதி அவருடைய குரல்தான். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த நண்டைக் கீழே வைத்தார்.

"ஏத்தா, இம்புட்டு நாளா வாய்ப்பேச்சப் புடிச்சுக்கிட்டுப் போன. இப்ப வாயவே புடிச்சுக்கிட்டுப் போக வந்திருக்கியாக்கும்."

"வலிக்காதுக்கா. கரியும் எண்ணெயும்தான். முழுங்கக் கூடாது, துப்பிரணும்."

"நாக்குல கரியப் பூசுனா என்ன, மூஞ்சியிலதான் பூசக் கூடாது. பூசு."

முதல் நாள் நான் செய்த தவறை நினைத்தால் இன்றைக்கும் தலையில் குட்டிக்கொள்ளத் தோன்றும். கடற்கரையில் யாருக்கும் வாயில் வரும் சொல் 'மீன்பாடு'. எவ்வளவு மீன் பட்டது என்பதற்கு அதுதான் பேச்சு. அதிலும் ன்-க்குப் பின் ப. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அதையே சொல்லச் சொன்னேன். அக்கா 'மீம்பாடு' என்றார். கண்ணாடியில் பார்த்தால் அண்ணத்தில் கறுப்பு! என் விதி போச்சே என்ற பதற்றத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு படச்சுருளை முழுக்க எடுத்துத் தீர்த்துவிட்டு, பேருந்தில் பாம்பன் பாலம் தாண்டும்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்தச் சொல்லின் கடைசியில் டு இருக்கிறது. ட சொல்லவும் நாக்கு நுனி மடங்கிப் போய் அண்ணத்தைத் தொடத்தானே வேண்டும்? பூசிய கரி, சொல் முழுவதிலும் தொட்ட இடத்தை எல்லாம் காட்டும். எப்போது தொட்டது என்று காட்டாது. நான் ஒரு படச்சுருள் முழுக்க ட-வைப் படம் எடுத்து வைத்திருந்தேன். மொழியியல் படித்த ஒருத்தி செய்யக்கூடிய முட்டாள்தனம்தான். வேறு யாருக்கும் இந்த வாய்ப்பே வராது.

ஆகவே, ன் ஒன்றைத் தவிர நாக்கு நுனிக்கு வேறு வேலையே இல்லாத சொற்கள் வேண்டும். என் அத்தியாயத்தின் 'அவன் பக்கம்' அப்படிப்பட்டது. வ-வுக்குக் கீழுதடும் மேற்பல்லும், ப-வுக்கு உதடுகள், க்க-வுக்கு நாக்கின் பின்பக்கம். முன் அண்ணத்தில் கறுப்பு விழுந்தால் அது ன் செய்த வேலைதான். ஒப்பிட்டுப் பார்க்க 'கம்பு'. அதில் உள்ளது பிறவி ம். நாக்கு நுனி சும்மா கிடக்கும். அண்ணம் சுத்தமாக இருக்க வேண்டும். இருந்தது.

ஆனால் அடுத்த சிக்கல் வந்தது. நாக்கில் கரியை வைத்துக்கொண்டு யாரும் இயல்பாகப் பேச மாட்டார்கள். "அ-வன்... பக்-கம்" என்று அக்கா மேடையில் பேசுவதுபோல் சொன்னார். நான் வேகமாகச் சொல்லுங்கள் என்றால் வேகமாகச் சொல்லவில்லை, சத்தமாகச் சொன்னார். நிதானமாகச் சொன்னால் நாக்கு தொடும் என்பது எனக்கே தெரியும். அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. இரண்டு நாள் இப்படியே போனது. எனக்கு எரிச்சல். கரிக்கிண்ணத்தை டப்பென்று வைத்தேன். அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சண்டையில பேசுற மாதிரி வேணும், அம்புட்டுத்தானே? சண்ட போட்டாத்தான சண்டப் பேச்சு வரும். புதங்கெழமை வா."

அந்தப் புதன், சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கும் நாள். காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு பெண்கள் கொட்டகைக்கு வந்திருந்தார்கள். அக்கா ஒருசந்தி, அதாவது ஒருவேளை உணவு மட்டும்.

"நெத்தியில சாம்பல், நாக்குல கரி. இன்னைக்கு எனக்கு டபுள் தவசு" என்றார். எண்ணெய் நாக்கில் பட்டால் நோன்பு முறியுமா என்று ஒருத்தி கேட்க, துப்பினால் முறியாது என்று மேஜை கூடித் தீர்ப்புச் சொன்னது.

நான் நாடாவை ஓடவிட்டேன். நாக்கில் பூசினேன். அக்கா வாயை அரைகுறையாகத் திறந்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண்கள் ஏற்கெனவே பேசி வைத்திருப்பார்கள்போல. ஊரறிந்த ஒரு குடும்பத் தகராறை எடுத்தார்கள். அக்காவின் தம்பி, அக்கா புருஷனுடைய மீன்பிடி வள்ளத்தில் கூட்டாளியாகப் போய்க்கொண்டிருந்தவன், தனி வள்ளம் போட வேண்டும் என்று நின்றான். புருஷனுக்கு அது பிடிக்கவில்லை. ஒருத்தி புருஷனைப் பேசினாள். ஒருத்தி தம்பியைப் பேசினாள். தம்பிக்கு நன்றி இல்லை என்றாள் இன்னொருத்தி. குரல்கள் ஏறின. எதிரில் உட்கார்ந்திருந்த கொஞ்சம் மூத்த பெண்மணி மேஜையைத் தட்டினார்.

"எல்லாரும் பேசுறோம். இவ வாயத் தொறக்காம இருக்கா. ஏய், நீ யாரு பக்கம்? அதச் சொல்லு!"

"அவன் பக்கம்!"

சட்டென்று, வெடுக்கென்று வந்தது. அக்கா அப்படியே வாயைத் திறந்துவிட்டார். அவருக்குக் கண்ணெல்லாம் சிவந்து நீர் கட்டியிருந்தது. எண்ணெய்க் காட்டம் என்று நினைத்தேன். கண்ணாடியைச் சாய்த்தேன். முன்பற்களுக்குப் பின்னால் உள்ள மேட்டில், குதிரை லாடம்போல வளைந்து, கறுப்பு. விட்டுப்போகாமல், முழுசாக.

படம் எடுத்தேன். அவர் கொப்பளிக்கப் போனதும் நாடாவைத் திருப்பி ஓட்டினேன். 'அவம் பக்கம்.' மறுபடி ஓட்டினேன். ம் தான். எந்தக் காதுக்கும் ம் தான். பிற்பாடு விடுதியில் என் துறைத் தோழிகள் மூன்று பேருக்குப் போட்டுக் காட்டினேன். மூவரும் ம் என்றே எழுதினார்கள். காது ஒரு சாட்சி, கரி ஒரு சாட்சி. காது சொன்னதில் பொய் இல்லை, ஆனால் அதற்குத் தெரிந்தது வெளியே வந்த சத்தம் மட்டும்தான்.

அன்றும் அடுத்த சில நாட்களிலும் வேறு வேறு பொய்ச் சண்டைகளை இழுத்துப்போட்டு, பல தடவை எடுத்தோம். படங்களைக் கழுவி வாங்கி இராமநாதபுரம் பேருந்து நிலைய பெஞ்சில் வைத்தே பிரித்தேன். சிலவற்றில் முழு லாடம். சிலவற்றில் இரண்டு ஓரமும் கறுப்பு, நடுவே வெளுப்பு, நாக்கு பாதி தூரம் ஏறிவிட்டுத் திரும்பியிருக்கிறது. ஒன்றிரண்டில் எதுவுமே இல்லை. என் விதியில் ன் உண்டு, இல்லாவிட்டால் ம் உண்டு. பாதி ன் என்று ஒன்றுக்கு அதில் இடமே இல்லை. கட்டங்களில் இருந்தது. கட்டத்தைச் சிறிதாக்கலாம், நகர்த்தலாம். என் செல்லப்பிள்ளை செத்துப்போனது எனக்கு அந்த பெஞ்சில் வைத்துத் தெரிந்தது. அழுகை வந்தது. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது, அதை மறைக்க மாட்டேன். எங்கள் சனத்தின் வாய்க்குள் இவ்வளவு காரியம் நடக்கிறதே என்ற சந்தோஷம்.

பழைய அத்தியாயத்தையே கொடுத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. மேடமே வற்புறுத்தவில்லை. நான்தான் மாட்டேன் என்றேன். உதவித்தொகை இல்லாமல் மேலும் பத்து மாதம் உட்கார்ந்து, அம்புகளை எல்லாம் எடுத்துவிட்டுக் கட்டங்களால் நாலாம் அத்தியாயத்தைப் புதிதாக எழுதினேன்.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும், யாரும் வந்து உட்காரலாம். அக்காவை அழைத்திருந்தேன். வருவார் என்று நினைக்கவில்லை. கொட்டகைத் தோழிகள் இருவரோடு காலை ரயில் பிடித்து வந்து, கடைசி வரிசையில் புதுச்சேலை மடமடக்க உட்கார்ந்திருந்தார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்த முதல் படத்தை விரலால் தொட்டார்.

"உங்க வாதம் முழுக்க இதுமேல நிக்குது. ஆனா நாக்குல கரி, எதிர்ல கேமரா, போட்டது பொய்ச் சண்டை. நடிக்கும்போது வர்ற பேச்சு கவனமான பேச்சு. கவனமா பேசினா நாக்கு தொடத்தான் செய்யும். இதை இயல்பான பேச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. நாடாவில் ம் கேட்கிறது, சொல்ல எடுத்த நேரமும் குறைவாக இருக்கிறது என்றேன். அவர் தலையசைத்தார், ஒப்புக்கொள்ளவில்லை. பத்து மாதமும் கண்ணெதிரே சரிவதுபோல் இருந்தது. பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஐயா, நான் பேசலாமா? அந்த வாய் ஏவ் வாய்தான்."

அவையில் சிரிப்பு. தேர்வாளரும் சிரித்து, சொல்லுங்கம்மா என்றார். அக்கா சிரிக்கவில்லை.

"மத்தவளுக நடிச்சாளுக. நா நடிக்கல. யாரு பக்கம்னு கேட்டது ஏந் நாத்தனா. எங்க வீட்டுக்காரரோட அக்கா. விளையாட்டுன்னு சொல்லி வச்சிருந்தும், அவுக நெசமாத்தான் கேட்டாக. தம்பி விசயத்துல எங்க வீட்ல நா அதுவரைக்கும் வாயத் தொறந்தது இல்ல. தொறந்தா குடும்பம் ரெண்டாகும்னு பயம். அன்னைக்கு அவுக கேட்டதும் எனக்கு நாக்குல கரி இருக்கதே மறந்து போச்சு. தம்பி பக்கம்னு வந்துருச்சு வாயில."

தேர்வாளர் மெதுவாகக் கேட்டார். "அப்புறம் என்னம்மா ஆச்சு?"

"சாயங்காலமே வீட்டுக்குச் சேதி போயிருச்சு. ஈஸ்டர் கழிஞ்சும் அவரு எங்கூடப் பேசல. பெறகு பேசிட்டாரு. தம்பி வள்ளம் போட்டுட்டான்."

எனக்கு அதுவரை தெரியாது. அன்று மாலை நான் படச்சுருளோடு குதித்துக்கொண்டு பேருந்து ஏறிப் போயிருக்கிறேன். அதற்கடுத்த நாட்களிலும் அவர் வந்து எனக்கு நாக்கை நீட்டியிருக்கிறார். வீட்டில் பேச ஆளில்லாமல் வந்து உட்கார்ந்த அந்தப் பெண்ணிடம், நான் இன்னும் கொஞ்சம் வேகமாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.

தேர்வாளர் பேனாவை எடுத்து எழுதினார். பட்டம் பரிந்துரைக்கப்படுகிறது என்று அறிவித்தார்கள், கை தட்டினார்கள். நான் நேராகக் கடைசி வரிசைக்குப் போய் அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டேன். நண்டு ஓடு கீறிய கைகள்.

"ஏன்க்கா அப்பவே எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லியிருந்தா அந்தப் படத்த நீ கிழிச்சிருப்ப" என்றார்.

கிழித்துத்தான் இருப்பேன்.